குரூப் டிஸ்கஷன் பயிற்சிக் கேள்விகள் – கொழிஞ்சாம்பாறை, ஃபைனல் இயர்

திங்கட்கிழமை கொச்சியில் இருந்து கம்பெனி வருகிறது, அதற்குள் ஞாயிறு மதியம் செமினார் ஹாலில் இதை ஒரு சுற்று ஓட்டிவிடுவோம். எட்டு பேர், கேள்விக்குப் பன்னிரண்டு நிமிடம். பேச ஆரம்பித்த முதல் நிமிடத்திலேயே எந்தப் பக்கம் என்று சொல்லிவிட வேண்டும். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு சார்" என்று தொடங்குகிறவரை அங்கேயே நிறுத்திவிடுவேன். நாம் எல்லையில் இருக்கிறவர்கள் என்பதால் ஒரு நிபந்தனை: நீ சொல்கிற காரணத்தைத் தூக்கி எல்லைக்கு அந்தப் பக்கம் வைப்பேன், அங்கேயும் அது நிற்க வேண்டும்.

1. தமிழ்நாடு 2003-இல் லாட்டரியைத் தடை செய்தது. கேரளம் 1967-இல் தொடங்கிய அரசு லாட்டரியை இன்றைக்கும் நடத்துகிறது. வாளையார் டிக்கெட் கடை முன்னால் நிற்கிற தமிழ்நாட்டு வண்டிகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். இரண்டு மாநிலத்தில் எது செய்வது சரி?
"ஏழைகள் ஏமாறுகிறார்கள்" என்றால்: டாஸ்மாக்கை நடத்துவதும் அரசுதானே, அதையும் மூடச் சொல்வாயா? "அரசுக்கு வருமானம்" என்றால்: வருமானம் வருகிறது என்பதற்காக அரசு எதை வேண்டுமானாலும் விற்கலாமா? "தனிமனித விருப்பம்" என்றால்: அப்படியானால் ஆன்லைன் ரம்மிக்கும் அதே பதிலா? இல்லை என்றால் வித்தியாசத்தை ஒரே வாக்கியத்தில் சொல்.

2. முல்லைப் பெரியாறு. இது வந்தால் ஹால் சூடாகிவிடும், அதனால்தான் வைத்திருக்கிறேன். 1895-இல் இருந்து தண்ணீர் தேக்கும் அணை, 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது, கீழே இடுக்கி மாவட்டத்து மக்கள், அந்தப் பக்கம் தேனி, மதுரை வயல்கள். புது அணை கட்டலாமா, வேண்டாமா?
இங்கே மட்டும் பக்கத்தை நான் தருவேன்: வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் இடுக்கிக்காரருக்காக வாதாட வேண்டும், மலையாளம் பேசுகிறவர்கள் தேனி விவசாயிக்காக. "எங்க தண்ணி", "எங்க உயிர்" என்ற இரண்டையும் சொல்லாமல் வாதாடிக் காட்டுங்கள். பயம் உண்மையானது என்றால் அதை எந்த ஆய்வு தீர்க்கும்? அந்த ஆய்வு உனக்கு எதிராக வந்தால் ஏற்றுக்கொள்வாயா?

3. நம் பஞ்சாயத்தில் ஒரு குளிர்பான ஆலை வருகிறது, உள்ளூர்க்காரர்களுக்கு வேலை தருவதாகச் சொல்கிறது, ஆனால் போர்வெல் தண்ணீர்தான் எடுக்கும். நீ பஞ்சாயத்துத் தலைவர், லைசென்ஸ் கொடுப்பாயா?
பிளாச்சிமடையில் 2004-இல் ஆலை நின்ற கதை எல்லாருக்கும் தெரியும், அதைச் சொல்லிவிட்டால் வாதம் ஆகாது. மறுக்கிறவரிடம்: பக்கத்துத் தென்னந்தோப்பும் போர்வெல்தான் போடுகிறது, அதற்கும் லைசென்ஸ் கேட்பாயா? கொடுக்கிறவரிடம்: எந்த மாதத்தில் எவ்வளவு தண்ணீர் குறைந்தால் ஆலையை நிறுத்துவாய், அதை யார் அளப்பார்கள், ஆலைக்காரரேவா?

4. தமிழ்நாடு 2006-இல் சட்டம் போட்டு பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியது. கேரளம் 2017-இல் மலையாளத்துக்கு அதே மாதிரிச் சட்டம் போட்டது. சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைக்கு விலக்கு வேண்டுமா? வேண்டும் என்று கை தூக்கினவர்கள் கையை இறக்காதீர்கள்: ஓசூரில் தெலுங்கு படிக்கிற பிள்ளைக்கும் அதே விலக்கு தருவீர்களா? அங்கே மட்டும் "மாநில மொழி தெரியாமல் எப்படி வேலை கிடைக்கும்" என்று பேச்சு மாறினால், அந்தக் கேள்வியை முதலில் உங்கள் ஊர்ப் பிள்ளைக்குக் கேளுங்கள்.

5. வாளையாருக்கும் மதுக்கரைக்கும் நடுவே ரயிலில் அடிபட்டு யானைகள் சாகின்றன; 2021 நவம்பரில் ஒரே இரவில் மூன்று. இரவில் அந்தப் பாதையில் ரயிலே ஓடக்கூடாது என்று ஒருவர் சொல்கிறார். சம்மதமா? சம்மதம் என்றால் சென்னை இன்டர்வியூவுக்கு நீ எந்த ரயிலில் போவாய் என்பதையும் சேர்த்துச் சொல்.

6. கம்பெனி இரண்டு வருட பாண்ட் கேட்கிறது, இடையில் போனால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும். நியாயமா? ஒரு பொதுத்துறை வங்கி கேட்ட இதே மாதிரி இரண்டு லட்ச நிபந்தனை செல்லும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதனால் சட்டத்தைப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம், நியாயத்தைப் பேசுங்கள். பயிற்சிக்குச் செலவழிக்கவே செலவழிக்காத கம்பெனியும் பாண்ட் கேட்கலாமா? ஆறு மாதத்தில் கம்பெனி உன்னை அனுப்பினால் அது உனக்குக் கட்டுமா? "நியாயமே இல்லை" என்று மேஜையைத் தட்டுகிறவருக்குக் கடைசிக் கேள்வி: திங்கட்கிழமை அந்தத் தாளை நீட்டினால் கையெழுத்துப் போடுவாயா?