பஞ்சர் ஒட்டும் முறை: முதல் தடவை செய்பவருக்கு

இந்தக் குறிப்பின் மூல நூல், பட்டறையில் வேலை பழகுபவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு சைக்கிள் பழுதுநீக்கக் கையேடு. அதில் கருவிகள் எல்லாம் முதல் பக்கத்தில் ஒரே பட்டியலாகவும், செய்முறை பின்னால் தனியாகவும் இருக்கும். வீட்டில் செய்பவருக்கு அது சரிப்படாது என்பதால், எந்தக் கருவி எப்போது வேண்டுமோ அங்கேயே சேர்த்திருக்கிறேன். சைக்கிளை மாட்டி நிறுத்தும் ஸ்டாண்டை விட்டுவிட்டேன். கவிழ்த்து வைத்தால் போதும்.

சக்கரத்தைக் கழற்ற

அச்சில் நட்டு இருந்தால் ஸ்பேனர் வேண்டும். பெரும்பாலும் 15 மி.மீ. அளவு பொருந்தும். கைப்பிடி போட்ட அச்சு என்றால் எதுவும் வேண்டாம். பின்சக்கரமாக இருந்து கியரும் இருந்தால், செயினை முதலில் மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், கழற்றுவது எளிது. டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கைப் பிடிக்கவே கூடாது.

டயரைக் கழற்ற

இதற்கு இரண்டு டயர் லிவர் தேவை. ஸ்க்ரூ டிரைவரை நுழைக்கலாம் என்று தோன்றும். அது ஒரு ஓட்டையை இரண்டாக்கும். வால்வை அழுத்தி, மிச்சக் காற்றையும் வெளியேற்றுங்கள். டயரின் விளிம்பைச் சுற்றிலும் பிசைந்து, ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறக்குங்கள். டயர் தளர்வது இதனால்தான். லிவரை எவ்வளவு பலமாக நெம்பினாலும் இதற்கு ஈடாகாது. அப்புறம் வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் லிவரை நுழைத்து ஒரு பக்க விளிம்பை மட்டும் வெளியே எடுத்து, டியூபை உருவுங்கள். டியூப் எந்தப் பக்கமாக இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க

பம்ப், ஒரு வாளித் தண்ணீர், பேனா. டியூபில் கொஞ்சம் காற்றடித்து, காதருகே சுற்றிப் பாருங்கள். சத்தம் கேட்காவிட்டால் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி வரும் இடம்தான். பேனாவால் பெரிய பெருக்கல் குறி போடுங்கள். சின்னதாகப் போட்டால் தேய்க்கும்போது அழிந்துவிடும்.

ஓட்டையின் இடத்தைப் பார்த்தால் காரணமும் தெரியும். சாலைப் பக்கம் இருந்தால் முள்ளோ கண்ணாடியோ குத்தியிருக்கும். ரிம் பக்கம் இருந்தால் ரிம் டேப் விலகி ஸ்போக்ஸ் முனை உரசியிருக்கலாம். அருகருகே இரண்டு சிறு கீறல் இருந்தால், காற்று குறைவாக இருந்தபோது பள்ளத்தில் இறங்கி டியூப் நசுங்கியிருக்கிறது. வால்வின் அடியிலேயே கிழிந்திருந்தால் ஒட்டு நிற்காது, புது டியூப்தான்.

ஒட்ட

உப்புத்தாள், ரப்பர் சொல்யூஷன், பேட்ச். காற்றை வெளியேற்றி, தண்ணீரை நன்றாகத் துடைத்து, பேட்சை விடச் சற்றுப் பெரிய வட்டத்தில் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். ஓட்டைமேல் நீளக் கோடு போல் டியூபின் வார்ப்புத் தழும்பு ஓடினால் அதையும் சமமாக்குங்கள். அந்த மேட்டின் ஓரமாகவே காற்று கசியும்.

சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, காத்திருங்கள். இங்கேதான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் பேட்ச் வழுக்கும், பிறகு பெயரும். ஈரப் பளபளப்பு போய் மங்கலாகும் வரை, ஏறக்குறைய 5 நிமிடம், விரல் படாமல் விடுங்கள். ஒட்டும் பக்கத்தைத் தொடாமல் பேட்சின் தாளை உரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள். மேலே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை உரிக்கப்போய் பேட்சும் கையோடு வந்தால் எரிச்சலாக இருக்கும். அந்தப் பிளாஸ்டிக் அப்படியே இருந்தாலும் ஒன்றும் ஆகாது. ஒருமுறை திறந்த சொல்யூஷன் அதன் குப்பிக்குள்ளேயே காய்ந்துவிடும் என்பதால், அடுத்த பஞ்சருக்கு முன் அதை அமுக்கிப் பார்த்துவிடுங்கள்.

திரும்ப மாட்ட

பம்ப்பைத் தவிர வேறு கருவி எதுவும் வேண்டாம். ஆனால் முதலில் டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் சுற்றித் துடையுங்கள். முள் இன்னும் அங்கேயே இருந்தால் துணி சிக்கும். வெறும் விரலால் தேடினால் கையில் குத்தும். முள்ளை எடுக்காமல் மாட்டினால் இவ்வளவும் வீண்.

டியூபில் வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்து, வால்வைத் துளையில் விட்டு, டயருக்குள் செருகுங்கள். விளிம்பை வால்வுக்கு எதிரே தொடங்கி, இரு பக்கமும் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே வந்து, வால்வருகே முடியுங்கள். கடைசிப் பகுதி முரண்டு பிடிக்கும், லிவரை எடுக்காதீர்கள். எதிர்ப்பக்க விளிம்பை மறுபடி நடுப்பள்ளத்தில் இறக்கினால் இடம் கிடைக்கும். பிறகு வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுங்கள். சுற்றிலும் டியூப் எங்காவது விளிம்பில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாதிக் காற்றடியுங்கள். டயர் ஒரே சீராக உட்கார்ந்திருந்தால், அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் முழுதாக அடிக்கலாம்.

மறுநாள் காற்று குறைந்திருந்தால் உடனே டயரைக் கழற்ற வேண்டாம். வால்வு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு வால்வில்தான்.