பொங்கலுக்கு எங்கள் ஊருக்கு வாருங்கள்

அன்புள்ள யுமிகோ,

போன பொங்கலுக்குச் சென்னையே காலியாகி, பக்கத்து மெஸ்ஸும் பூட்டிக்கிடந்ததால் மூன்று நாள் நூடுல்ஸில் ஓட்டினேன் என்றீர்களே, அதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அந்தப் புள்ளைய இந்தத் தடவை கூட்டிட்டு வராம வந்தராத" என்று உத்தரவு. ஆகவே இந்த மெயில்.

கோபிசெட்டிபாளையத்தை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. ஜனவரி 13 இரவு ரயிலேறினால் விடியும்போது ஈரோடு. அங்கிருந்து அண்ணன் காரில் கூட்டிப்போய்விடுவான். 17 இரவு திரும்பலாம். பொங்கல் டிக்கெட் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். முன்பதிவு நவம்பர் 14 காலை 8 மணிக்குத் திறக்கிறது, அதற்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உங்களுக்கும் சேர்த்து நானே போட்டுவிடுகிறேன்.

14 அன்று காப்புக் கட்டுவோம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு வாசலிலும் தொழுவத்திலும் செருகுவது. ஏணி பிடிக்க ஆள் வேண்டும், அது நீங்கள்தான்.

15 காலையில் வாசலில் அடுப்பு மூட்டி, மஞ்சள் கொத்து கட்டிய புதுப்பானையில் பால் பொங்கி வழியும்போது எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்துவோம். வெட்கப்படாமல் நீங்களும் கத்த வேண்டும். பால் வழிகிறதே என்று பதறி அடுப்பைத் தணித்துவிடாதீர்கள், வழிய வேண்டும் என்றுதான் காத்திருப்போம்!

எனக்குப் பிடித்தது 16 சாயங்காலம் நடக்கும் பட்டிப் பொங்கல்தான். தொழுவத்தில் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டி, தண்ணீர் விட்டு, பூப்போட்டு, மாடுகளை அதைத் தாண்டவிடுவோம். தட்டைத் தட்டுகிற சத்தத்தில் கன்றுக்குட்டி எந்தப் பக்கம் பாயும் என்று அதற்கே தெரியாது. கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

செருப்பை வாசலில் கழற்றுவதை உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கோலத்தை மட்டும் மிதிக்காமல் சுற்றி வாருங்கள். சாப்பாடு வாழை இலையில், வலது கையால். முடித்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள். போதும் என்றால் முதலிலேயே இலைக்கு மேல் கையை நீட்டி மறைத்துவிடுங்கள், வாயால் சொன்னால் அம்மா கேட்க மாட்டார். அப்பத்தா காசு கொடுத்தால் மறுக்காமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும்போது "போகிறேன்" என்று சொல்லாமல் "போயிட்டு வர்றேங்க" என்று சொல்லுங்கள். அந்த "ங்க" விட்டுப்போனால் சென்னைக்காரி என்று கேலி செய்வார்கள்.

சேலை கட்டாயமில்லை, பருத்திச் சுடிதார் போதும். விடிகாலையில் குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பரிசு எதுவும் வேண்டாம். வெறுங்கையோடு வர மனசில்லை என்றால் ஒரு சீப்பு வாழைப்பழம், அவ்வளவுதான்.

அப்புறம், எங்கள் வீட்டில் பாத்ரூம் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. இரவில் துணைக்கு என்னை எழுப்பலாம்.

சரி என்று ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
கவிதா