பொருள்: அச்சிட்ட தேதிக்கு முன்பே புளித்துப்போன பால் பாக்கெட்டுகள் – பேட்ச் எண் 134/2 மற்றும் பிற – விசாரணையும் எழுத்துப்பூர்வமான பதிலும் கோருதல்

பெறுநர்: மேலாளர், தர உறுதிப் பிரிவு
நகல்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, திருச்சிராப்பள்ளி விற்பனை அலுவலகம்
நாள்: 19.05.2025

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

திருச்சிராப்பள்ளி உறையூரில் வசிக்கும் நான், தங்கள் நிறுவனத்தின் நிலைப்படுத்தப்பட்ட பாலை, அரை லிட்டர் பாக்கெட்டுகளாக, எங்கள் பகுதி முகவர் மூலம் மாதாந்திர அட்டையில் பல ஆண்டுகளாக வாங்கி வருகிறேன். இந்த மே மாதத்தில், பாக்கெட்டில் அச்சிட்டுள்ள கடைசித் தேதி வருவதற்கு முன்பே பால் திரிந்தும் புளித்தும் போவது திரும்பத் திரும்ப நடக்கிறது. மே 15ஆம் தேதி வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். அங்கே கிடைத்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. அதனால் நடந்ததை முழுமையாக எழுதி, உரிய சான்றுகளுடன் தங்கள் பிரிவுக்கு அனுப்புகிறேன்.

மே 9ஆம் தேதி காலை வந்த இரண்டு பாக்கெட்டுகளும் அன்று மாலையே அடுப்பில் திரிந்தன. கோடையில் ஒரு நாள் இப்படி ஆவது உண்டு என்று அதைப் பெரிதுபடுத்தவில்லை. 11ஆம் தேதி ஞாயிறன்றும் அதுவே நடந்தது. அன்று முதல், பாக்கெட் கைக்கு வந்ததும் உணவு வெப்பமானியைப் பாக்கெட்டோடு ஒட்டி மடித்துப் பிடித்து, வெப்பநிலையைக் குறித்து வைக்கத் தொடங்கினேன். 14ஆம் தேதி காலை 6 மணிக்குச் சற்று முன் வாசலுக்கு வந்த பாக்கெட்டுகளின் வெப்பநிலை 22 டிகிரி செல்சியஸ். பாக்கெட்டின் மேல் "5 டிகிரிக்குக் கீழ் வைத்திருக்கவும்" என்றும், பயன்படுத்த வேண்டிய கடைசி நாள் 16.05.2025 என்றும் தெளிவாக அச்சாகியிருக்கிறது. வந்த நிமிடமே இரண்டையும் பிரிக்காமல் குளிர்பதனப் பெட்டியின் உள்தட்டில் வைத்தேன். ஒன்றை அன்று இரவு காய்ச்சியபோது, கொதி வருவதற்கு முன்பே பால் சிறு சிறு கட்டிகளாகப் பிரிந்து, பச்சை கலந்த மஞ்சள் நீர் தனியே நின்றது. மற்றொன்று மறுநாள் காலையில் ஊதிய பலூனைப் போல் உப்பியிருந்தது. அதைப் பிரிக்காமல் அப்படியே படம் எடுத்து, உறைபெட்டியில் வைத்திருக்கிறேன்.

தங்கள் பிரிவு முக்கியமாகக் கவனிக்க வேண்டிய செய்தி இனிதான் வருகிறது. அதே 14ஆம் தேதி காலையில், எங்கள் தெருவிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள பல்பொருள் அங்காடியில், கண்ணாடிக் கதவு போட்ட குளிர் அலமாரியிலிருந்து, தங்கள் நிறுவனத்தின் அதே வகைப் பாக்கெட் ஒன்றை வாங்கினேன். பேட்ச் எண் 134/2. கடைசி நாள் 16.05.2025. முகவர் கொடுத்த பாக்கெட்டுகளிலும் இதே எண்தான், இதே தேதிதான். அங்காடிப் பாக்கெட் வீட்டுக்கு வந்தபோது 7 டிகிரியில் இருந்தது. முகவர் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்திலேயே, அதே தட்டில் அதை வைத்தேன். 16ஆம் தேதி மாலை அதைக் காய்ச்சினோம்; பால் திரியவில்லை, வாடையும் இல்லை. அதில் உறை ஊற்றிய தயிரும் நன்றாகத் தோய்ந்தது.

ஒரே ஆலையில், ஒரே பேட்சில் நிரப்பி, ஒரே வீட்டில், ஒரே பெட்டியில் வைத்த பால், வந்த வழி மட்டும் வேறாக இருந்ததால் இரண்டு விதமாக ஆகியிருக்கிறது. ஆகவே, எங்கள் குளிர்பதனப் பெட்டி சரியில்லை என்றோ, நாங்கள் பாலை வெளியில் வைத்துவிட்டோம் என்றோ சொல்ல இடமில்லை. பொதுவாகப் பாலைப் பதப்படுத்துவதில் குறை இருந்திருந்தால் அங்காடிப் பாக்கெட்டும் கெட்டிருக்க வேண்டும். எனவே, ஆலையின் குளிர் அறையை விட்டுப் பால் கிளம்பிய பிறகு, எங்கள் வாசலுக்கு வருவதற்கு முன்னால், குளிர்ச் சங்கிலி எங்கோ அறுந்திருக்கிறது என்பதே என் உறுதியான கருத்து.

எங்கே என்பதையும் ஓரளவு நேரில் பார்த்தேன். அதிகாலை நடைக்குச் செல்லும்போது, முகவர் பாக்கெட்டுகளைப் பிரித்துக் கொடுக்கும் இடத்தைக் கடந்துதான் போக வேண்டும். மூடிய கடை ஒன்றின் முன்னால், தகரக் கூரையின் கீழ், பால் டப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. பனிக்கட்டியோ, ஈரச் சாக்கோ, மூடி போட்ட பெட்டியோ எதுவும் இல்லை. அக்னி நட்சத்திரக் காலத்தில் திருச்சியில் விடியற்காலைக் காற்றும் சூடாகவே இருக்கிறது. வேன் 3.30 மணிவாக்கில் இறக்கிவிட்டுப் போவதாகவும், வீடுகளுக்குப் போடும் பையன்கள் 5 மணிக்கு மேல்தான் வருவதாகவும் முகவரே சொன்னார். வேனிலிருந்து இறங்கும்போதே சில நாள் பாக்கெட்டில் சில்லிப்பு இருப்பதில்லை என்றும் அவர் சொன்னார். அப்படியானால் குறை அவருடைய இடத்தில் மட்டுமின்றி வேனிலும் இருக்கலாம். அதை அளந்து பார்க்கும் கருவிகளும் பதிவேடுகளும் தங்களிடம்தான் இருக்க வேண்டும்.

பதப்படுத்துதல் என்பது பாலில் உள்ள எல்லா நுண்ணுயிர்களையும் அழிப்பதில்லை என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கும்போது நோய்க்கிருமிகள் மடிகின்றன. வெப்பத்தைத் தாங்கும் சில வகைகள் மிஞ்சுகின்றன. அவற்றை அடக்கி வைத்திருப்பது அதன்பின் தொடரும் குளிர்ச்சி ஒன்றுதான். இடையில் இரண்டு மூன்று மணி நேரம் பால் சூடேறிவிட்டால் அவை பெருகி, பாலிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றத் தொடங்கிவிடுகின்றன. பிறகு எவ்வளவு குளிர வைத்தாலும் உண்டான அமிலம் மறைவதில்லை. பார்வைக்கும் முகர்வதற்கும் நல்ல பாலாகத் தோன்றியது அடுப்பில் ஏற்றியதும் திரிவதற்குக் காரணம் இதுதான். பாக்கெட்டில் அச்சிடும் தேதி, பால் வழி முழுதும் 5 டிகிரிக்குக் கீழ் இருந்தது என்ற நிபந்தனையோடுதான் பொருளுடையது. அந்த நிபந்தனையை வாங்குபவர் மட்டும் காப்பாற்றினால் போதாது.

உப்பிய பாக்கெட்டைப் பற்றித் தனியே எழுத விரும்புகிறேன், ஏனெனில் மற்றவற்றைவிட அது என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. வெறும் புளிப்பில் பை இவ்வளவு உப்புவதில்லை. உள்ளே வாயு உண்டாக வேண்டும். வாயு உண்டாக்கும் கோலிஃபார்ம் வகை நுண்ணுயிர்கள் முறையாகப் பதப்படுத்திய பாலில் பிழைத்திருக்கக் கூடாதவை. இது அவ்வகையாக இருந்தால், சூடாக்கிய பிறகு, நிரப்பும் இயந்திரத்திலோ சரியாக ஒட்டாத விளிம்பின் வழியாகவோ அவை உள்ளே வந்திருக்க வேண்டும். அந்தப் பாக்கெட்டின் கீழ் ஒட்டுப்பகுதியில், ஒரு மூலையில் மெல்லிய சுருக்கம் தெரிகிறது. அதைத் தொட்டால் விரலில் பிசுபிசுப்பு ஒட்டுகிறது. கசிவுதானா என்பதைத் தங்கள் ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். குளிர்ச் சங்கிலிக் குறையோடு இதையும் சேர்த்து முடித்துவிடாமல், தனியாக ஆராயுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

15ஆம் தேதி தொலைபேசியில் பேசிய ஊழியர், "வெயில் காலம் அம்மா, பாக்கெட் வந்த உடனே காய்ச்சிடுங்க" என்றார். மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அது நிறுவனத்தின் பதிலாக இருக்க முடியாது. வந்த உடனே காய்ச்சினால்தான் நிற்கும் என்ற பாலுக்கு இரண்டு நாள் தள்ளித் தேதி போடுவது சரியல்ல. கத்தரி வெயில் ஆண்டுதோறும் மே மாதத்தில் வருவதுதான். அதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்திருக்க வேண்டியது பால் வழங்குபவரின் பொறுப்பு. அழைப்புக்குப் பிறகும் எதுவும் மாறவில்லை. நேற்று, 18ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்த பாக்கெட் 21 டிகிரியில் இருந்தது; கடைசி நாள் 20.05.2025 என்று அச்சிட்ட அந்தப் பாலும் நேற்று மாலையே திரிந்துவிட்டது.

எங்கள் வீட்டில் வயதான மாமியார் இருக்கிறார். இரவு உணவாக அவர் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது பாலும் சாதமும்தான். இரவு எட்டு மணிக்குப் பால் திரிந்தால், வேறு பாலுக்கு ஓட வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இதே முகவரிடம்தான் பால் வாங்குகிறார்கள். அவர்களுக்கும் இதே அனுபவம். முழுதாகத் திரிந்த பாலைக் கண்டதும் கொட்டிவிடுவோம். அரைகுறையாகக் கெட்டு, காய்ச்சும்போது தப்பித்துவிட்ட பாலைத்தான் தெரியாமல் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம். இந்த மின்னஞ்சலை நான் எழுதுவதற்கு முதன்மையான காரணம் அந்த அச்சம்தான். பாக்கெட்டுகளின் விலை அதற்கு அடுத்ததே.

ஆகவே, எங்கள் வழித்தடத்தில் வேன் கிளம்பும்போதும், முகவரிடம் இறக்கும்போதும், வீட்டு வாசலிலும் பாலின் வெப்பநிலையைத் தொடர்ந்து சில நாட்கள் அளந்து, கண்டதை எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 134/2 பேட்சின் ஆலை மாதிரியைத் தாங்கள் வைத்திருந்தால் அதன் அமிலத்தன்மையையும் நுண்ணுயிர்ச் சோதனை முடிவையும் தெரிவிக்குமாறும், உப்பிய பாக்கெட்டைத் தங்கள் அலுவலர் நேரில் வந்து, ஒப்புகைச் சீட்டுக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளுமாறும் கோருகிறேன். கெட்டுப்போன 7 பாக்கெட்டுகளுக்கு, ஒன்று ரூ.32 வீதம் ரூ.224 ஆகிறது. அதை அடுத்த மாத அட்டையில் கழித்துக்கொள்ளலாம்.

முகவர் குறித்தும் ஒரு வேண்டுகோள். அவரைக் குற்றவாளியாக்கி, அட்டையைப் பறித்து, விவகாரத்தை முடித்துவிட வேண்டாம். அவருக்குக் குளிர்காப்புப் பெட்டியோ பனிக்கட்டியோ நிறுவனம் கொடுத்ததில்லை என்கிறார். கிடைக்கும் கழிவில் அவரே வாங்குவது கடினம். வெப்பம் புகாத பெட்டிகளைக் கொடுப்பதும், வேன் வந்து சேரும் நேரத்தை வீடுகளுக்குப் போடும் நேரத்தோடு பொருத்துவதும் நிறுவனம் செய்யக்கூடியவை. அவை நடந்தால் உறையூரில் அவரை நம்பியிருக்கும் எல்லா வீடுகளுக்கும் நல்ல பால் கிடைக்கும்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006இன் 27ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன முறைக்கு மாறாக உணவைச் சேமித்து வழங்கும் விநியோகஸ்தரின் பொறுப்பைப் பற்றிப் பேசுகிறது; 40ஆம் பிரிவு, வாங்கியவரே உரிய கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கக் கொடுக்க வழி செய்கிறது. மே 29ஆம் தேதிக்குள் தங்களிடமிருந்து எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் இந்தச் சான்றுகளுடன் புகார் அளிப்பேன். அந்த நிலை வராமல் தாங்களே இதைச் சரிசெய்ய வேண்டும் என்பதே என் விருப்பம்.

பாக்கெட்டுகளின் அச்சுப் பகுதி, வெப்பமானி காட்டிய அளவு, திரிந்த பால், அங்காடி ரசீது ஆகியவற்றின் படங்களை இத்துடன் இணைத்துள்ளேன். மாதாந்திர அட்டையில் பதிவாகியுள்ள கைபேசி எண்ணில், காலை 10 மணிக்கு மேல் என்னைத் தொடர்புகொள்ளலாம். அலுவலர் எப்போது வருவார் என்று முன்னதாகத் தெரிவித்தால், பாக்கெட்டை எடுத்துத் தயாராக வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
வே. தமிழரசி
உறையூர், திருச்சிராப்பள்ளி