வாயு விதிக் கணக்குகள்: P, V, T குறிப்புகள்

வாயுவின் அளவு, அதாவது மோல் எண்ணிக்கை, மாறாத வரை எல்லாக் கணக்குக்கும் கீழே உள்ள ஒரு சமன்பாடு போதும். P அழுத்தம், V கனஅளவு, T வெப்பநிலை; 1 தொடக்க நிலை, 2 இறுதி நிலை:

P₁V₁ / T₁ = P₂V₂ / T₂

எது மாறவில்லையோ அதை இரு பக்கமும் அடித்துவிடலாம். T மாறாவிட்டால் பாயில் விதி (1662), P மாறாவிட்டால் சார்லஸ் விதி, V மாறாவிட்டால் கேலூசாக் விதி. தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

மதிப்பெண் போகும் இடம் T. அது கெல்வினில்தான் இருக்க வேண்டும்.

T (K) = t (°C) + 273

துல்லியமாக 273.15, பள்ளிக் கணக்குக்கு 273 போதும். ஏன் கெல்வின்? செல்சியஸின் சுழி, நீர் உறையும் இடத்தில் நாமாக வைத்துக்கொண்டது. அங்கே வாயுவின் கனஅளவு சுழி ஆவதில்லை. V–t வரைபடத்தின் நேர்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது −273.15 °C-இல்தான் அச்சைத் தொடும். உண்மையான வாயு அதற்கு முன்பே திரவமாகிவிடும், அது வேறு விஷயம். அந்தப் புள்ளியிலிருந்து எண்ணினால்தான் V, T-க்கு நேர்விகிதம்.

அழுத்தம் மாறாமல் 600 மி.லி. வாயுவை 27 °C-இலிருந்து 54 °C-க்குச் சூடாக்குகிறோம். வெப்பநிலை இரட்டிப்பானதுபோல் தெரிவதால் 1200 மி.லி. என்று எழுதத் தோன்றும். தவறு. 300 K, 327 K ஆகிறது, அவ்வளவுதான்:

V₂ = 600 × 327 / 300 = 654 மி.லி.

இன்னொரு பொறி: ‘வெப்பநிலை 60 °C உயர்ந்தது’ என்றால் 60 என்பது வித்தியாசம். அதோடு 273 கூட்டக் கூடாது. தொடக்கம் 27 °C என்றால் T₂ = 300 + 60 = 360 K.

அழுத்தத்துக்கு அட்மாஸ்பியரோ மி.மீ. பாதரசமோ எதுவும் சரி, இரு பக்கமும் ஒரே அலகாக இருந்தால் போதும் (1 atm = 760 மி.மீ. பாதரசம்). கனஅளவுக்கும் அப்படியே. T-க்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

மூன்றும் மாறும் கணக்கு: 27 °C, 760 மி.மீ. அழுத்தத்தில் 2 லிட்டர் வாயு. −33 °C, 570 மி.மீ.-இல் எவ்வளவு?

T₂ = −33 + 273 = 240 K

V₂ = 2 × (760/570) × (240/300) = 2.13 லிட்டர்

பின்னங்களை இப்படிப் பிரித்து எழுதுவது எனக்குப் பிடிக்கும். அழுத்தம் குறைந்தால் வாயு விரிய வேண்டும், முதல் பின்னம் 1-க்கு மேல். குளிர்ந்தால் சுருங்க வேண்டும், அடுத்தது 1-க்குக் கீழ். தலைகீழாகப் போட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கடைசியாக, மூடிய உருளையில் 27 °C-இல் 3 atm. எந்த வெப்பநிலையில் 4 atm ஆகும்? கனஅளவு மாறவில்லை:

T₂ = 300 × 4 / 3 = 400 K

கேள்வி செல்சியஸில் கேட்டிருந்தால் இங்கே நிறுத்தக் கூடாது: 400 − 273 = 127 °C.