கொடைக்கானலில் தாலி கட்டு, விளாங்குடியில் கறிவிருந்து

அன்புள்ள சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும்,

செல்வராஜ் – தமிழரசி வணக்கத்துடன் எழுதுவது.

எங்கள் மகள் வைஷ்ணவிக்கும் கொடைக்கானல் மாப்பிள்ளை அருணுக்கும், நிகழும் பராபவ வருடம் தை மாதம் 29-ஆம் தேதி (12.2.2027) வெள்ளிக்கிழமை காலை 9.15 மணிக்கு மேல் 10.15 மணிக்குள், கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் திருமணம் நடத்தப் பெரியோர்கள் நிச்சயித்திருக்கிறார்கள்.

மதுரையில் இத்தனை மண்டபம் இருக்க மலையில் ஏன் என்று கேட்பீர்கள். மாப்பிள்ளையின் அப்பத்தா நடமாட முடியாதவர். அவர் கண் முன்னால் தாலி கட்ட வேண்டும் என்பது அந்த வீட்டு ஆசை. எங்களுக்கும் அது சரியென்று பட்டது.

அதனால் இந்த அழைப்பில் இரண்டு விசேஷம் இருக்கிறது. உங்களுக்கு எது தோதோ அதற்கு வாருங்கள், இரண்டுக்கும் வந்தால் இரட்டிப்புச் சந்தோஷம். மலைக்கு வர முடியாதவர்களுக்காகவே 14.2.2027 ஞாயிறு பகல் 12 மணி முதல் விளாங்குடியில் நம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பொண்ணு மாப்பிள்ளையை உட்கார வைத்துக் கறிவிருந்து. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனிப்பந்தி உண்டு. கோயில் கல்யாணத்தில் சைவச் சாப்பாடுதான், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம்.

செலவு விஷயம். பத்திரிகையில் இதெல்லாம் எழுதுவார்களா என்று தமிழரசி தயங்கினாள். எழுதாமல் விட்டால் அங்கே வந்த பிறகு ஆளுக்கு ஆள் சங்கடப்படுவோம் என்பது என் கட்சி.

வியாழன் (11-ஆம் தேதி) காலை 10 மணிக்கு விளாங்குடி வீட்டிலிருந்து வேன்கள் புறப்படும். வெள்ளி மதியச் சாப்பாடு முடிந்து 3 மணிக்கு அதே வேன்களில் திரும்பலாம். வேன், வியாழன் இரவு அறை, இரண்டு நாள் சாப்பாடு எல்லாம் எங்கள் பொறுப்பு. யாரும் எதுவும் தர வேண்டாம். மதுரை வரை வந்து போகிற ரயில், பஸ் டிக்கெட் மட்டும் உங்களுடையது. வெள்ளி இரவும் தங்கி ஊர் சுற்ற நினைப்பவர்களுக்கு அதே விடுதியில் இரண்டு பேர் அறை 2,800 ரூபாய்க்குப் பேசியிருக்கிறோம். அதை நீங்கள் நேரடியாக விடுதியில் கட்டிக்கொள்ளுங்கள்.

சென்னைச் சொந்தங்கள் புதன் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் மதுரை. வீட்டுக்கு வந்து குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு எங்களோடு வேனில் ஏறலாம். முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கும், அதாவது டிசம்பர் 12. அன்றே போட்டுவிடுங்கள். தனியாக வருகிறவர்களுக்கு ஆரப்பாளையத்திலிருந்து நேரடி அரசு பஸ் இருக்கிறது. சொந்தக் காரில் வருகிறவர்கள் epass.tnega.org தளத்தில் இ-பாஸ் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அடிவாரச் சோதனைச் சாவடியில் நிற்க வேண்டியதுதான். எங்கள் வேன்களுக்கு நாங்களே எடுத்துவிடுவோம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள்.

வத்தலக்குண்டு தாண்டினால் மலைப்பாதை, வளைவுக்கு மேல் வளைவு. தலைசுற்றல், வாந்தி இருக்கிறவர்கள் முன்னாலேயே சொன்னால் முன்சீட்டு ஒதுக்கி வைப்போம். கோடை கிட்டத்தட்ட 7,000 அடி உயரம், தை மாதக் குளிர் வேறு. மூச்சுத்திணறல், இருதயக் கோளாறு உள்ள பெரியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் தயவுசெய்து எங்களுக்காகச் சிரமப்பட வேண்டாம், ஞாயிறு வாருங்கள். வருகிறவர்கள் ஸ்வெட்டர், குல்லா மறக்க வேண்டாம். வானம் தெளிந்திருந்தால் கோயிலிலிருந்தே பழனி மலை தெரியும்.

மொய் பற்றி ஒரு வார்த்தை. கோடையில் மொய் நோட்டு கிடையாது. விளாங்குடியில் மட்டும் மேசை போடுவோம், அதுவும் விருப்பமுள்ளவர்களுக்கு. மலைக்கு வந்து போகச் செலவு செய்தவர்கள் மறுபடி கவர் தேட வேண்டாம். நமக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறதே என்று யாரும் வராமல் இருந்துவிடாதீர்கள். பேரையூர் மச்சான்மார் கவனத்துக்கு: தாய்மாமன் சீரை மலைக்குத் தூக்கி வர வேண்டாம், ஞாயிறு காலை மேளத்தோடு தெருவில் வாருங்கள், ஊரே பார்க்கட்டும்.

விடுதியில் 30 அறைதான். அதனால் வருகிறீர்களா, எத்தனை பேர், எந்த நாள் என்பதை நவம்பர் 30-க்குள் இதே வாட்ஸ்அப் எண்ணில் சொல்லுங்கள். "கோடைக்கு 4 பேர்", "ஞாயிறு மட்டும் 6 பேர்" என்று ஒரு வரி போதும். வர முடியாதென்றால் காரணம் எழுத வேண்டாம். வெள்ளிக்கிழமை லீவு கிடைக்காது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், எல்லாம் எங்களுக்கும் தெரிந்ததே. சொன்ன பிறகு மாறினால் ஜனவரி 20-க்குள் தெரிவியுங்கள், அந்த அறையைக் காத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவோம்.

அப்பத்தாக்கள், பெரியப்பாமார், மதினிமார் எல்லோரையும் நேரில் வந்து தாம்பூலம் வைத்து அழைப்போம். இது தேதியையும் ஏற்பாட்டையும் முன்கூட்டிச் சொல்லி வைக்கத்தான்.

இப்படிக்கு,
செல்வராஜ் – தமிழரசி
விளாங்குடி, மதுரை