இடது கை

சுருதி சேர்க்க வந்த பெரியவர் பியானோவின் முன்பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, நடுவிலிருந்த ‘ஏ’ கட்டையை அழுத்திப் பார்த்தார். நொடிக்கு 440 அதிர்வுகளாக ஒலிக்க வேண்டிய அந்தச் சுரம், ஏறக்குறைய அரைச் சுரம் இறங்கியிருந்தது.

“ஒரேயடியாக ஏற்றினால் பழைய கம்பிகள் அறுந்துவிடும் அம்மா. இன்று பாதி ஏற்றிவிட்டுப் போகிறேன். சில வாரம் கழித்து வந்து மீதியைப் பார்க்கிறேன்” என்றார்.

பிறகு டார்ச் விளக்கை உள்ளே அடித்து, கம்பளிச் சுத்தியல்களின் முகத்தில் கம்பிகள் வெட்டியிருந்த பள்ளங்களைக் கண்டு வியந்தார். ஓரத்துச் சுத்தியல்களில் லேசான கீறல்களே இருந்தன. நடுப்பகுதியிலோ பள்ளங்கள் ஆழமாக விழுந்திருந்தன.

“யார் இவ்வளவு வாசித்தது?”

“நான்தான்” என்றாள் வசந்தா.

வாசிக்க வேண்டாமென்று அவளிடம் யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. முதல் குழந்தை பக்கத்து அறையில் தூங்கியபோது மூடியைச் சாத்தினாள். குழந்தை விழித்ததும் வேறு வேலை வந்தது. அடுத்தடுத்து இன்னும் இரண்டு பிள்ளைகள், பள்ளி, தேர்வு, காய்ச்சல், கல்யாணம் என்று காலம் போயிற்று. மூடியின்மேல் குடும்பப் படங்கள் ஒவ்வொன்றாக ஏறின. இப்போது அவளுக்கு அறுபது வயது ஆகப்போகிறது.

அவள் எடுத்துக்கொண்டது ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய இன்வென்ஷன்களில் முதலாவது. இரண்டு குரல்களைத் தெளிவாக வாசிக்க மாணவர்கள் பழக வேண்டும் என்பதற்காக அவர் எழுதிய பதினைந்தில் அது ஒன்று. மொத்தமே 22 பார்கள், அதாவது தாளக் கட்டங்கள். வலது கை ‘சி, டி, ஈ, எஃப், டி, ஈ, சி, ஜி’ என்று ஒரு சிறு வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும், இடது கை அதையே ஒரு ஸ்தாயி கீழே திருப்பிச் சொல்ல வேண்டும். வழக்கமான பாட்டுகளில் துணைக்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் இடது கைக்கு இங்கே சம உரிமை. வலது கை ஒரு வாரத்தில் வழிக்கு வந்துவிட்டது. இடது கையின் நான்காம் விரலோ தூக்கினால் தனியே எழவில்லை, ஐந்தாம் விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது.

தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 44 தட்டு என்று வைத்து இடது கையை மட்டும் தனியே வாசித்தாள். ஊஞ்சலில் இருந்த கணவர் மூன்றாம் நாள் கேட்டார்: “அதையே எத்தனை தடவைதான் வாசிப்பாய்? முன்பெல்லாம் மடமடவென்று வாசிப்பாயே.”

“அப்போது விரல்தான் ஓடியது. கீழ்க்குரலை நான் கேட்டதே இல்லை.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே விளங்கியது. இளமையில் தடுமாறாமல் முடிப்பதே அவளுக்கு வெற்றியாக இருந்தது. பதினைந்தாம் பாரிலிருந்து ஒரு கை நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க மற்றக் கை பேசும், பிறகு பேசிய கை காத்திருக்கும் என்பதை அந்த வேகத்தில் அவள் கவனித்திருக்கவே முடியாது. இப்போது அந்தப் பகுதிக்கு வரும்போதெல்லாம், பிடித்த சுரம் மெல்லத் தேய்வதை இறுதிவரை கேட்டாள். விரலைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் அந்தக் குரல் பாதியில் செத்துப்போயிற்று. எடுக்காமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

நோட்டுப் புத்தகத்தில் பழைய ஆசிரியை பென்சிலால் இட்ட விரல் எண்கள் மங்காமல் இருந்தன. ஓரிடத்தில் இடது கைக்கு ‘4’ என்று எழுதி, இரண்டு முறை வட்டமிட்டிருந்தார். வசந்தா அந்த விரலோடு பல நாள் மல்லாடினாள். பிறகு ரப்பரை எடுத்து, தாள் கிழிந்துவிடாதபடி மெதுவாக அழித்து, ‘3’ என்று எழுதினாள். அந்தப் பார் முதல் முறையாகத் தடங்கலின்றி நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் வாசலிலேயே நின்று முழுவதையும் கேட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

“அம்மா, உன் அறுபதுக்கு எல்லோரும் வரப்போகிறோம் இல்லையா, அன்றைக்கு இதை வாசியேன். எல்லோரும் அசந்து போவார்கள்.”

“வேண்டாம்மா.”

“ஏன்? நன்றாகத்தானே இருக்கிறது?”

“நன்றாக இல்லை, நன்றாக வரும். அதற்கு ஓர் ஆசிரியையிடம் பேசியிருக்கிறேன். வியாழக்கிழமைதோறும் வகுப்பு. அன்று உன் பையனை என்னால் பள்ளியிலிருந்து கூட்டிவர முடியாது. வேறு ஏற்பாடு செய்துகொள்.”

மகள் தந்தையைப் பார்த்தாள். அவர் ஊஞ்சலை நிறுத்தி, “நான் போய்க் கூட்டிவருகிறேன்” என்றார்.

“எத்தனை மணிக்கு வகுப்பு?” என்று மகள் கேட்டாள்.

“நாலரைக்கு” என்று சொல்லிவிட்டு, வசந்தா மெட்ரோனோமின் எடையை ஒரு கோடு கீழே இறக்கி 46இல் வைத்தாள்.