டாக்டரிடம் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள்: காலை வணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியர் உரை

ஆசிரியப் பெருமக்களே, என் அன்பு மாணவ மாணவியரே, வணக்கம்.

மைதானம் சேறாகக் கிடப்பதால் இன்று கலையரங்கில் கூடியிருக்கிறோம். எல்லோரும் உட்காருங்கள். இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகப் பேசப் போகிறேன்.

காலையில் வருகைப் பதிவேடுகளைப் பார்த்தேன். 61 பேர் வரவில்லை. ஐப்பசி, கார்த்திகை என்றால் நம் ஊரில் இது வழக்கம்தான். மழை, ஈரத்துணி, வீட்டுக்கு வீடு சளி, இருமல், காய்ச்சல். போன செவ்வாய்க்கிழமை எனக்கும் காய்ச்சல். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் நம் பள்ளி மாணவன் ஒருவன், அம்மாவோடு வந்திருந்தான். டாக்டர் அவன் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். "சாதாரண சளிக் காய்ச்சல்தாம்மா. பாராசிட்டமால் தர்றேன். நல்லாத் தண்ணி குடிக்கட்டும், ரெண்டு நாள் வீட்ல இருக்கட்டும்" என்றார். அம்மா எழுந்துவிட்டார். பையன் எழவில்லை.

"டாக்டர், ஆன்டிபயாடிக் எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமை டெஸ்ட் இருக்கு."

"அது உனக்குத் தேவையில்லப்பா."

"அப்ப மெடிக்கல்ல வாங்கிக்கிறேன்."

அந்த மாணவன் இப்போது இந்த அரங்கில்தான் இருக்கிறான். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். அவன் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை. ஒரு டெஸ்ட்டைக்கூட விடக் கூடாது என்று நினைக்கிறான். அந்த டெஸ்ட்டை வைத்தது யார்? நான். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அவன் கேட்ட மருந்து என்ன செய்யும் என்பதை முதலில் பார்ப்போம். உயிரியல் படிக்கிற பதினோராம் வகுப்புக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும். பெனிசிலின் மாதிரியான மருந்து, பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கட்டுகிற சுவரை எழும்ப விடாது. சுவர் இல்லாமல் பாக்டீரியா வெடித்துச் சாகும். சரி, சளியைக் கொண்டுவருவது யார்? வைரஸ். ஃப்ளூ காய்ச்சல்? அதுவும் வைரஸ். டெங்கு, சிக்குன்குனியா எல்லாமே வைரஸ். வைரஸுக்கு அந்தச் சுவரே கிடையாது. இல்லாத சுவரை எதைக் கொண்டு இடிப்பது? பாக்டீரியாவை வேறு வழிகளில் தாக்குகிற ஆன்டிபயாடிக்குகள் இருக்கின்றன; அவற்றுக்கும் சளி வைரஸிடம் வேலையில்லை.

"ஆனால் ஐயா, போன தடவை போட்டேன், மூணாவது நாள் சரியாப் போச்சே?" என்று கேட்பீர்கள். போடாமல் இருந்திருந்தாலும் மூன்றாவது, நான்காவது நாள் அந்தக் காய்ச்சல் தணிந்திருக்கும். உங்கள் உடம்பு செய்த வேலைக்கு மாத்திரை பேர் வாங்கிக்கொண்டது. சளி மஞ்சளாக, பச்சையாக வந்தால் ஆன்டிபயாடிக் போட்டே ஆக வேண்டும் என்ற நம்பிக்கையும் தவறு. வெறும் வைரஸ் சளியிலும் நிறம் மாறும்.

"உபயோகமில்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே" என்று நினைத்தால், அங்கேதான் நான் உங்களை நிறுத்த வேண்டும். நான் கணக்கு வாத்தியார். கணக்காகவே சொல்கிறேன்.

நம் குடலில் வாழ்கிற ஈ.கோலை என்ற பாக்டீரியா, வசதியான சூழல் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். ஒரு மணி நேரத்துக்கு மூன்று முறை. பத்து மணி நேரத்துக்கு முப்பது முறை. இரண்டின் முப்பதாம் அடுக்கு எவ்வளவு? பின்னால் இருந்து ஒரு குரல் "நூறு கோடிக்கு மேல" என்கிறது. சரியான விடை, 107 கோடி. இரவு படுக்கும்போது ஒன்று. விடியும்போது 107 கோடி. இத்தனை கோடியில், பிரதி எடுக்கும்போது ஏற்படுகிற சிறு பிழையால், மருந்துக்குச் சாகாத ஒன்று பிறந்துவிடலாம். மற்ற நாளில் அது கூட்டத்தோடு கூட்டமாகக் கிடக்கும். நீங்கள் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் போட்டதும், சாகக்கூடியவை எல்லாம் செத்து, சாகாத அந்த ஒன்றுக்கு இடமும் சாப்பாடும் தாராளமாகக் கிடைக்கின்றன. அடுத்த பத்து மணி நேரத்தில் அது எத்தனையாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதோடு முடியவில்லை. பரீட்சையில் ஒருவன் பக்கத்து பெஞ்சுக்குத் துண்டுச் சீட்டு நீட்டுவது போல, மருந்தை வெல்லும் வித்தையைப் பாக்டீரியா தன் மரபுப்பொருளில் ஒரு துண்டாக இன்னொரு பாக்டீரியாவுக்குக் கொடுக்கும். வேறு இனமாக இருந்தாலும் கொடுக்கும். நம் வீடுகளில் "உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு" என்பார்கள். பழகியது உடம்புக்கு அல்ல, கிருமிக்கு. அந்தக் கிருமி உங்களிடமிருந்து தங்கைக்கும், தங்கையிடமிருந்து பாட்டிக்கும் போகும். நீங்கள் போட்ட மாத்திரையின் பலனை, மாத்திரையே போடாத பாட்டி அனுபவிப்பார்.

இதை நான் எங்கோ படித்துவிட்டுச் சொல்லவில்லை. என் அம்மா விஷயத்தில் பார்த்தேன்.

என் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் நான் கடைத்தெருவுக்குப் போவேன். "ஒரு செட் மாத்திரை குடுங்க, சட்டுனு கேக்கணும்" என்பேன். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டதே இல்லை. இரண்டு வேளை போட்டதும் அம்மா எழுந்து நடப்பார். மிச்சம் அலமாரிக்குப் போகும். அடுத்த முறை அதையே எடுத்துக் கொடுப்பேன். வருடக் கணக்கில் இப்படியே நடந்தது. ஆறு வருடத்துக்கு முன் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. குளிர் நடுக்கம், பேச்சே குழறியது. மருத்துவமனையில் சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்த அறிக்கையில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். கேட்கிற மருந்துக்கு நேரே 'எஸ்' என்றும், கேட்காத மருந்துக்கு நேரே 'ஆர்' என்றும் போட்டிருப்பார்கள். நான் விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தேன். ஆர், ஆர், ஆர், ஆர். மாத்திரையாகக் கொடுக்கக்கூடிய ஒன்றுகூட மிஞ்சவில்லை. பதினான்கு நாள் ஊசிமருந்து ஏற்றினார்கள். அம்மா பிழைத்தார். அந்தக் கிருமி நான் கொடுத்த மாத்திரையால்தான் உருவானது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த டாக்டர் என்னிடம், "கைக்குக் கெடச்ச மருந்தெல்லாம் குடுத்துட்டு வந்தா, நாங்க எதைக் குடுக்கிறது சார்?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

இந்த மருந்துகள் இல்லாத காலம் வெகு தூரத்தில் இல்லை. லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டது 1928இல். ஆனால் அது மனிதருக்குக் கொடுக்கும் மருந்தாக வர இன்னும் பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் ஆனது. 1941இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரர் சாகக் கிடந்தார். முகத்தில் பட்ட காயத்தில் சீழ் பிடித்து, ஒரு கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. பெனிசிலினை ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது, சாப்பிட ஆரம்பித்தார். ஆனால் உலகத்தில் இருந்த மருந்தே அவ்வளவுதான். அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதில் வெளியேறிய பெனிசிலினைப் பிரித்தெடுத்துத் திரும்ப ஏற்றினார்கள். அதுவும் தீர்ந்தது. அடுத்த மாதம் அவர் இறந்துபோனார். ஒரு காயத்துக்காக ஒரு மனிதர் செத்தார், பிள்ளைகளே. அன்றைக்கு மருந்து போதவில்லை. இன்றைக்குக் கடை நிறைய மருந்து இருக்கிறது. கிருமி அதற்குக் கட்டுப்பட மறுக்கிறது. 2019இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 12.7 லட்சம் பேர் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் இறந்தார்கள் என்று லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. ஃபிளெமிங்கே 1945இல் நோபல் பரிசு உரையில், அரைகுறை அளவில் போட்டால் கிருமி பழகிவிடும் என்று எச்சரித்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கினார்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் ஆன்டிபயாடிக்கையே விஷம் என்று நினைத்துவிடக் கூடாது. டைஃபாய்டு, நிமோனியா, காசநோய், சிறுநீர்த் தொற்று, சில வகைத் தொண்டைப் புண் இவற்றுக்கெல்லாம் அதுதான் உயிர்காக்கும் மருந்து. டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால், சொன்ன அளவில், சொன்ன நாள் வரைக்கும் போடுங்கள். இடையில் நீங்களாக நிறுத்தாதீர்கள், மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். இன்று சாயங்காலம் வீட்டு அலமாரியில் இருக்கிற மாத்திரை அட்டைகளை எடுத்துப் பாருங்கள். சிவப்புக் கோடு போட்டிருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று அர்த்தம். அம்மா அப்பாவுக்கும் அதைக் காட்டிச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் போனால் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். "எனக்கு என்ன நோய்? இது வைரஸா, பாக்டீரியாவா? எப்போது திரும்ப வரணும்?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, தாங்க முடியாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் ரத்தம் என்று எது இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் பெரும்பாலும் ஆபத்தான கட்டம் வரும். "விட்டுடுச்சு" என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். வலி மாத்திரையையும் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். கூச்சப்படாமல் போங்கள்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமை டெஸ்ட்டுக்கு வருகிறேன். நீங்கள் மருந்துக்கு அவசரப்படுவதில் எங்கள் பங்கும் இருக்கிறது. காய்ச்சலோடு வந்து பரீட்சை எழுதிய பிள்ளையை இதே மேடையில் நான் பாராட்டியிருக்கிறேன். அது தப்பு. அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கும் அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது.

அதனால் ஆசிரியர்களோடு கலந்து பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். காய்ச்சலால் வர முடியாதவர்கள் பெற்றோரிடம் சொல்லி வகுப்பாசிரியருக்குப் போன் செய்தால் போதும். மூன்று நாள் வரைக்கும் மருத்துவச் சான்றிதழ் கேட்க மாட்டோம். விட்டுப்போன வகுப்புத் தேர்வைத் திரும்பி வந்த வாரத்திலேயே தனியாக எழுதலாம், மதிப்பெண் குறையாது. சிறப்பு வகுப்புக்கும் இதே விதிதான். நவம்பர் 18 முதல் 24 வரை ஆன்டிபயாடிக் விழிப்புணர்வு வாரம். அந்த வாரம் நம் சுகாதார நிலைய டாக்டர் வந்து உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். கேள்விகளைத் தாளில் எழுதி என் அறை வாசலில் இருக்கும் பெட்டியில் போடுங்கள். பெயர் எழுத வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை என் முன்னால் உட்கார்ந்திருந்த தம்பி, வெள்ளிக்கிழமை நீ எழுத முடியாமல் போன கணக்குத் தேர்வை நாளைக் காலை என் அறையிலேயே எழுதலாம். மெடிக்கலில் வாங்கிய மாத்திரை மிச்சம் இருந்தால் அந்த அட்டையையும் கொண்டு வா. இரண்டு பேருமாக டாக்டரிடம் போய், அதை என்ன செய்வது என்று கேட்டு வருவோம்.

ஆறாம் வகுப்பு முதலில் எழுந்திருங்கள். படிக்கட்டு வழுக்கும், மெதுவாக இறங்குங்கள்.